188064-ஐ ஏழால் வகுத்தால்: அட்டைக் கடிகாரங்களோடு நான்கு சனிக்கிழமைகள்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் சிறிய அறை ஒன்றில், கணக்கில் தம் வயதை மிஞ்சி நிற்கும் எட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்து வருகிறேன். அவர்களுள் ஐவர் தொடக்கநிலை ஐந்திலும் ஆறிலும் படிக்கிறார்கள். மூவர் உயர்நிலை ஒன்றில் இருக்கிறார்கள். வகுபடும் தன்மைக்கான விதிகளை ஏறத்தாழ எல்லாரும் ஏதோ ஒரு துணைப்பாட வகுப்பில் முன்பே மனப்பாடம் செய்திருந்தார்கள். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது, ஒன்றுவிட்டொன்று கழித்தால் பதினொன்று, கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழித்தால் ஏழு என்று கேட்டவுடனே ஒப்பித்தார்கள். அந்த விதிகள் ஏன் பலிக்கின்றன என்று கேட்டபோது அறை அமைதியாகிவிட்டது. அந்த 'ஏன்' என்பதைக் கடிகாரத்தின் வழியாக நான்கு வாரங்களில் எப்படி அணுகினோம், எங்கே தடுமாறினோம் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதல் வேலை, கடிகாரம் செய்வது. பன்னிரண்டு மணிக் கடிகாரம் சுவரிலேயே இருக்கிறது. எங்களுக்குத் தேவைப்பட்டவை ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி, பதினொரு மணி, பதின்மூன்று மணிக் கடிகாரங்கள். வட்டத்தை எட்டாகப் பிரிக்க மடித்தால் போதும். ஒன்பதாகப் பிரிக்கக் கோணமானியில் நாற்பது பாகையாக வைத்துக்கொண்டே போகலாம். ஏழுக்கு அது நடக்காது. 360-ஐ ஏழால் வகுத்தால் 51.43 பாகை அளவில் வருகிறது. கோணமானியில் ஐம்பத்தொன்று என்று வைத்துக்கொண்டே போனால், கடைசிப் பங்கு மற்றவற்றைவிட மூன்று பாகை பெரிதாகி வட்டம் கோணலாகத் தெரியும்.

ஆகவே ஒரு டின் மூடியை எடுத்துக்கொண்டோம். அதன் குறுக்களவு சுமார் 9 செ.மீ. அதைச் சுற்றிக் காகித நாடா ஒன்றைச் சுருக்கமின்றி ஒட்டி வைத்து, முனை சேரும் இடத்தில் வெட்டினோம். நாடாவின் நீளம் 28 செ.மீ. சொச்சம் வந்தது. கோடு போட்ட ஏ4 தாளில் நான்கு கோட்டுக்கு ஒன்று வீதம் எட்டுக் கோடுகளைச் சிவப்பால் அழுத்தி வரைந்தால், அவற்றுக்கிடையே ஏழு சமமான இடைவெளிகள் கிடைக்கும். நாடாவைச் சாய்வாக வைத்து, அதன் ஒரு முனை முதல் சிவப்புக் கோட்டிலும் மறு முனை எட்டாவது சிவப்புக் கோட்டிலும் சரியாகப் படியும்வரை சாய்வை மாற்றிக்கொண்டே போக வேண்டும். படிந்தபின், நாடாவைச் சிவப்புக் கோடுகள் வெட்டும் இடங்களில் புள்ளி வைத்தால் நாடா ஏழு சம பாகமாகிவிடும். அதை மீண்டும் மூடியைச் சுற்றிக் கட்டி, புள்ளிகளை அட்டையில் இறக்கிக்கொள்ளலாம். பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் அதே முறைதான். இடைவெளிகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டோம். இந்த வேலைக்கு முதல் சனிக்கிழமையில் அரை மணி நேரத்துக்கு மேல் போனது. அது வீணான நேரமில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தன் கையால் பிரித்த வட்டத்தைப் பிள்ளைகள் இறுதிவரை "என் கடிகாரம்" என்றே சொன்னார்கள், அதில் பிழை வந்தால் விடாமல் தேடினார்கள்.

எண் எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. ஏழு மணிக் கடிகாரத்தின் உச்சியில் 7 என்று எழுதுவதா, 0 என்று எழுதுவதா? சுவர்க் கடிகாரத்தில் உச்சி 12. ஆகவே பாதிப் பேர் 7 என்று எழுதிவிட்டார்கள். அப்படி எழுதிய ஒரு சிறுவன் சற்று நேரத்தில், "21-ஐ ஏழால் வகுத்தால் மீதி ஏழு" என்றான். அவன் கடிகாரம் காட்டியதைத்தான் அவன் படித்தான். குற்றம் முகப்பில் இருந்தது. உச்சியில் எல்லாரும் 0 என்று எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டினோம். ஏழு மணிக் கடிகாரத்தின் எண்கள் 0 முதல் 6 வரை, ஏழும் பதினான்கும் இருபத்தொன்றும் 0-வில் வந்து நிற்கும், முள் நிற்கும் இடமே மீதி என்று அதன்பின் யாரும் குழம்பவில்லை. மறுமுறை இதைச் செய்தால் முதல் கோடு போடும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு மிஞ்சிய நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டேன். இப்போது காலை பத்து மணி. இன்னும் 100 மணி நேரம் கழித்து முள் எங்கே நிற்கும்? பன்னிரண்டின் மடங்காகிய 96-ஐ ஒதுக்கிவிட்டால் மீதி 4, ஆகவே முள் இரண்டில் நிற்கும் என்று உடனே சொல்லிவிட்டார்கள். 1000 மணி நேரம் கழித்து? சிறிது கணக்கிட்டு, மறுபடியும் இரண்டு என்றார்கள். 10,000? மறுபடியும் இரண்டு. ஒரு லட்சம்? அதற்குள் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், இதுக்கு மேல எத்தனை சைபர் போட்டாலும் ரெண்டுதான். நூறு நாலுல நிக்குது. நாலைப் பத்தால பெருக்கினா நாப்பது, அதுவும் நாலுலதான் நிக்குது."

அவள் சொன்னதுதான் இந்தப் பாடம் முழுவதற்கும் திறவுகோல். ஓர் எண்ணை வகுக்காமலே மீதியைக் காண வேண்டுமானால், 1, 10, 100, 1000 என்ற இடமதிப்புகள் ஒவ்வொன்றும் அந்தக் கடிகாரத்தில் எங்கே நிற்கின்றன என்பது தெரிந்தால் போதும். ஓர் இடமதிப்பின் நிறுத்தம் தெரிந்தால், அடுத்ததைக் காண அந்த நிறுத்தத்தைப் பத்தால் பெருக்கிக் கடிகாரத்தில் சுருட்டிக்கொள்ளலாம்; முழு எண்ணையும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. இரண்டு எண்கள் ஒரே நிறுத்தத்தில் நின்றால் அவை அந்தக் கடிகாரத்துக்கு ஒன்றே. அதை `100 ≡ 4 (mod 12)` என்று எழுதுவார்கள் என்றும், மூன்று கோடுகள் கொண்ட அந்தக் குறியை 1801-இல் காஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் தம் நூலில் அறிமுகப்படுத்தினார் என்றும் சொன்னேன். மட்டு எண்கணிதம் என்ற பெயரையும் அப்போதுதான் சொன்னேன். பெயர் முதலில் வந்திருந்தால் அதையும் ஒரு விதியாக மனப்பாடம் செய்திருப்பார்கள்.

இரண்டாம் சனிக்கிழமையில் ஒவ்வோர் இணையும் தன் கடிகாரத்தில் 1, 10, 100, 1000 ஆகியவை நிற்கும் இடங்களைக் குறித்தது. ஒன்பது மணிக் கடிகாரக்காரர்களின் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. எல்லாம் 1-லேயே நின்றன. பத்து ஒரு சுற்றுச் சுற்றி 1-இல் நிற்கிறது, நூறு பதினொரு சுற்று, ஆயிரம் நூற்றுப் பதினொரு சுற்று. ஆகவே 5287 என்ற எண்ணில் ஐந்து ஆயிரங்களும் ஐந்து அடி, இரண்டு நூறுகளும் இரண்டு அடி, எட்டுப் பத்துகளும் எட்டு அடி, ஏழு ஒன்றுகளும் ஏழு அடி. மொத்தம் 22 அடி. முள் 4-இல் நிற்கும். 5287-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி நான்குதான். இலக்கக் கூட்டல் விதி வகுபடுமா இல்லையா என்று மட்டும் சொல்வதாக அவர்கள் நினைத்திருந்தார்கள். மீதியையே அது முழுதாகக் கொடுக்கிறது என்பது அவர்களுக்குப் புதிது.

பதினொரு மணிக் கடிகாரத்தில் இடமதிப்புகள் 1, 10, 1, 10 என்று மாறி மாறி நின்றன. பத்து என்பது 0-வுக்கு ஓர் அடி பின்னால் இருப்பதுதான். ஆகவே அதைப் பத்து அடி முன்னே போவதாகக் கொள்வதைவிட ஓர் அடி பின்னே போவதாகக் கொள்வது எளிது. ஒன்றுகள் முன்னே, பத்துகள் பின்னே, நூறுகள் முன்னே, ஆயிரங்கள் பின்னே. 1234-க்கு 4 − 3 + 2 − 1 = 2; பதினொன்றால் வகுத்தாலும் மீதி 2. ஆனால் ஒருவன் இடமிருந்து தொடங்கி 1 − 2 + 3 − 4 என்று போட்டு, 0-விலிருந்து இரண்டு அடி பின்னே வந்து, 9 என்று விடை சொன்னான். தான் படித்த விதியில் எந்தப் பக்கம் தொடங்குவது என்று சொல்லவே இல்லை என்றான். வகுபடுமா என்று மட்டும் கேட்டால் எந்தப் பக்கம் தொடங்கினாலும் சரிதான். இரண்டு அடி முன்னே என்பதும் இரண்டு அடி பின்னே என்பதும் 0 அல்ல. மீதி எவ்வளவு என்று கேட்டால்தான் பக்கம் முக்கியமாகிறது. இதை அப்போது போகிற போக்கில் திருத்திவிட்டுக் கடந்துவிட்டேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும். அடுத்த வாரம் இதே பிழை வேறு வேடத்தில் பெரிதாக வந்து நின்றது.

மூன்றாம் வாரம் முழுவதும் ஏழுக்கு. ஏழு மணிக் கடிகாரத்தில் இடமதிப்புகள் நிற்கும் இடங்கள் 1, 3, 2, 6, 4, 5. அதன்பின் பத்து லட்சம் மறுபடியும் 1-க்கு வந்துவிடுகிறது. ஆறு இடங்களில் ஒரு சுற்று முடிகிறது. சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம் கொண்டது என்பதால், பயிற்சிக்கு எண் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குறியீட்டைப் போட வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த பொது இடங்களை எடுத்துக்கொள்வோம் என்றேன்.

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் குறியீடு 058793. வலமிருந்து தொடங்கி, ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இடமதிப்பு நிற்கும் எண்ணால் பெருக்கினோம்.

```
3×1 + 9×3 + 7×2 + 8×6 + 5×4 + 0×5
= 3 + 27 + 14 + 48 + 20 + 0 = 112
```

112 என்பது ஏழின் பதினாறு மடங்கு. முள் 0-வில் நின்றது. நீள வகுத்தல் போட்டுப் பார்த்தவர்களுக்கும் மீதியின்றி 8399 வந்தது. முதலில் எடுத்த எண்ணே ஏழால் வகுபட்டதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏழு எண்களில் ஒன்று அப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மகிழ்ச்சியை நான் குலைக்கவில்லை.

அடுத்து விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் 188064. அதே முறையில் 4 + 18 + 0 + 48 + 32 + 5 = 107; ஏழின் மடங்கான 105 போக மீதி 2. இதற்குள் உயர்நிலை ஒன்று மாணவன் ஒருவன், இவ்வளவு பெருக்கல் எதற்கு, எனக்குக் குறுக்குவழி தெரியும் என்று சொல்லித் தன் தாளில் இப்படி எழுதியிருந்தான்.

```
18806 − 8  = 18798
1879  − 16 = 1863
186   − 6  = 180
18    − 0  = 18
```

கடைசி இலக்கத்தை வெட்டி, அதை இரட்டித்து, எஞ்சிய எண்ணிலிருந்து கழிக்கும் பழைய விதி இது. 18-ஐ ஏழால் வகுத்தால் மீதி 4. ஆகவே விடை 4 என்றான் அவன். மற்றவர்கள் 2 என்றார்கள். இருவர் கணக்கிலும் கூட்டல் கழித்தல் பிழை ஒன்றுமில்லை என்று மூன்று முறை சரிபார்த்தார்கள். கணிப்பானில் 188064-ஐ ஏழால் வகுத்தபோது 26866.2857 என்று வந்தது. அந்தத் தசமப் பகுதி ஏழில் இரண்டு பங்கு என்பதால் மீதி 2-தான். அப்படியானால் அவன் விதி பொய்யா? அவன் முகம் வாடிவிட்டது. இரண்டு ஆண்டுகளாக அந்த விதியைப் பயன்படுத்தி ஒருமுறைகூடத் தவறவில்லை என்று சொன்னான். அவன் சொன்னதும் உண்மை. அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவனிடம் வகுபடுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள், மீதி எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

நான் உடனே விளக்கவில்லை. அவனுடைய ஒவ்வொரு வரியின் மீதியையும் தனித்தனியே காணச் சொன்னேன். தொடக்கத்தில் 188064-க்கு 2; 18798-க்கு 3; 1863-க்கு 1; 180-க்கு 5; 18-க்கு 4. ஆக, அவனுடைய விதி ஒவ்வோர் அடியிலும் முள்ளை நகர்த்திக்கொண்டிருக்கிறது: 2, 3, 1, 5, 4. இந்த வரிசைக்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, ஏழு மணிக் கடிகாரத்தின் முகப்பில் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைப் பத்தால் பெருக்கினால் முள் போய் நிற்கும் எண்ணுக்கு ஓர் அம்புக்குறி போட வேண்டும். ஏழு மணிக் கடிகாரத்தில் பத்தால் பெருக்குவதும் மூன்றால் பெருக்குவதும் ஒன்றுதான் என்பதால் வேலை விரைவில் முடிந்தது. 1-இலிருந்து 3-க்கு, 3-இலிருந்து 2-க்கு, 2-இலிருந்து 6-க்கு, 6-இலிருந்து 4-க்கு, 4-இலிருந்து 5-க்கு, 5-இலிருந்து மறுபடி 1-க்கு. 0-வின் அம்பு மட்டும் வெளியே எங்கும் போகாமல் தன்மேலேயே வளைந்து நின்றது.

சில நிமிடங்கள் கழித்து அந்த மாணவனே கண்டுபிடித்தான். 2, 3, 1, 5, 4 என்பது அம்புகளின் பாதைதான், ஆனால் தலைகீழாக. "நான் அம்புக்கு எதிர்த் திசையில நடந்திருக்கேன் டீச்சர்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மூன்று வாரம் உழைத்தது போதும் என்று எனக்குத் தோன்றியது.

எழுத்தில் இதைக் காட்டுவது எளிது. எண்ணை `10a + b` என்று வைத்துக்கொண்டால், விதி நம்மை `a − 2b`-க்குக் கொண்டுபோகிறது. அந்த `a − 2b`-ஐப் பத்தால் பெருக்கினால் `10a − 20b` வரும். ஏழு மணிக் கடிகாரத்தில் −20 என்பது 1-இல் நிற்கிறது, ஏனென்றால் −20-உடன் 21-ஐக் கூட்டினால் 1. ஆகவே `10(a − 2b) ≡ 10a + b (mod 7)`. அதாவது விதி கொடுக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கினால்தான் பழைய எண்ணின் நிறுத்தம் கிடைக்கும். நான்கு முறை விதியைப் பயன்படுத்தியவன், கடைசியில் கிடைத்த 4-இலிருந்து அம்புகளின் வழியே நான்கு அடி முன்னே வர வேண்டும்: 4-இலிருந்து 5, 1, 3, 2. விடை 2 வந்துவிட்டது. அவனுடைய குறுக்குவழி பொய்க்கவில்லை. அது மீதியை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாமல் இருந்தது.

இதே படம் இன்னொரு கேள்விக்கும் விடை சொன்னது. மீதி இப்படி ஒவ்வோர் அடியிலும் இடம் மாறுமானால், வகுபடுமா என்ற கேள்விக்கு மட்டும் அந்த விதி எப்படித் தவறாமல் விடை சொல்கிறது? 0-வுக்குள் வரும் அம்பும் 0-விலிருந்து புறப்படும் அம்பும் ஒன்றே. வட்டத்தில் சுற்றும் ஆறு எண்களிலிருந்து 0-வுக்குப் பாதை இல்லை. 0-விலிருந்து அந்த வட்டத்துக்கும் பாதை இல்லை. ஆகவே முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் வகுபடும் எண் வகுபடும் எண்ணாகவே இருக்கும், வகுபடாத எண் ஒருபோதும் வகுபடும் எண்ணாக மாறாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் விதிகளை மனப்பாடம் செய்யும்போது பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஒரு சோதனை "ஆம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஆம்" என்று சொன்னால் மட்டும் போதாது. "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் தவறி "ஆம்" என்று சொல்லவும் கூடாது.

அது தவறும் கடிகாரமும் எங்கள் கையில் இருந்தது. எட்டு மணிக் கடிகாரத்தில் அதே அம்புகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அங்கே பத்து என்பது இரண்டு. 1-இலிருந்து 2, 2-இலிருந்து 4, 4-இலிருந்து 0. 5-உம் 2-க்குத்தான் போகிறது. 3-உம் 7-உம் சேர்ந்து 6-க்குப் போகின்றன. 6 மறுபடி 4-க்குப் போகிறது. ஒற்றை எண் எதற்கும் எந்த அம்பும் வரவில்லை. எங்கே தொடங்கினாலும் மூன்று அடிக்குள் எல்லாம் 0-வில் வடிந்துவிடுகின்றன. இந்தக் கடிகாரத்தில் பின்னே நடக்க முடியாது. 2-இல் நிற்பவன் 1-இலிருந்து வந்தானா, 5-இலிருந்து வந்தானா என்று சொல்ல வழியில்லை. ஆகவே கடைசி இலக்கத்தை வெட்டிப் பின்னே நடக்கும் விதி எதுவும் எட்டுக்கு இருக்க முடியாது. அதற்குப் பதிலாக, எட்டுக்கு நாம் அறிந்த விதி அந்த வடிதலிலிருந்தே வருகிறது. ஆயிரமும் அதற்கு மேற்பட்ட இடமதிப்புகளும் 0-வில் நிற்பதால் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். முதல் வாரத்தில் சுவர்க் கடிகாரத்தில் நூறும் ஆயிரமும் 4-லேயே சிக்கிக்கொண்டதும் இதே குணத்தின் இன்னொரு தோற்றம்தான். பத்துக்கும் கடிகாரத்தின் எண்ணுக்கும் 2 அல்லது 5 பொதுக் காரணியாக இருந்தால் அம்புகள் ஒன்றில் ஒன்று வந்து சேரும்; பொதுக் காரணி இல்லாவிட்டால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அம்பு வந்து ஓர் அம்பு போகும்.

இங்கே ஒன்றை எழுதி வைக்க விரும்புகிறேன். ஒரு சிறுமி, பத்தால் பெருக்கியது இரண்டு பக்கமும் இருந்தால் அதை அடித்துவிடலாமே என்று கேட்டாள். சாதாரணக் கணக்கில் அப்படித்தான் செய்கிறோம். ஏழு மணிக் கடிகாரத்தில் அடிக்கலாம். எட்டு மணிக் கடிகாரத்தில் 10 × 1-உம் 10 × 5-உம் ஒரே இடத்தில் நிற்கின்றன. பத்தை அடித்தால் 1-உம் 5-உம் ஒன்று என்று ஆகிவிடும். அவளிடம் இதை விதியாகச் சொல்லாமல் எட்டு மணி முகப்பைக் கையில் கொடுத்தேன். 2-க்கு வந்து சேரும் இரண்டு அம்புகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு வந்த வீட்டுல திரும்பிப் போற வழி தெரியாது" என்றாள். நான் சொல்ல நினைத்ததைவிட அது தெளிவாக இருந்தது.

நான்காம் சனிக்கிழமையில் நான் பேசியது குறைவு. இதுவரை கற்றதைக் கொண்டு பதின்மூன்றுக்கு ஒரு சோதனையை நீங்களே உண்டாக்குங்கள் என்று மட்டும் சொன்னேன். பின்னே நடக்க வேண்டுமானால், எந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் முள் 1-இல் நிற்கும் என்று தேட வேண்டும் என்பதை அவர்களே பேசி முடிவு செய்தார்கள். ஏழுக்கு அந்த எண் 5. ஐம்பது என்பது 49-உம் 1-உம். 5 என்பது 0-வுக்கு இரண்டு அடி பின்னால் இருப்பதால்தான் விதியில் "இரட்டித்துக் கழி" என்று வந்திருக்கிறது என்பதும் அப்போது அவர்களுக்குத் தெளிந்தது. பதின்மூன்றுக்கு அந்த எண் 4. நாற்பது என்பது 39-உம் 1-உம். ஆகவே கடைசி இலக்கத்தை வெட்டி, அதை நான்கால் பெருக்கி, எஞ்சியதோடு கூட்ட வேண்டும்.

இந்திய மரபுடைமை நிலையத்தின் அஞ்சல் குறியீடான 209924-ஐ எடுத்துக்கொண்டார்கள்.

```
20992 + 16 = 21008
2100  + 32 = 2132
213   + 8  = 221
22    + 4  = 26
```

26 என்பது பதின்மூன்றின் இரு மடங்கு. ஆகவே 209924 பதின்மூன்றால் வகுபடும். யாரும் கேட்காமலே இருவர் நீள வகுத்தல் போட்டு 16148 என்று கண்டு உறுதி செய்தார்கள். குறுக்குவழி பிடித்தவன் அதற்கும் முன்பே கையைத் தூக்கி, "முள் 0-வில நிக்குது, அதனால முன்னே வர வேண்டியதில்லை, வேற எங்கயாவது நின்னிருந்தா நாலு அடி வந்திருக்கணும்" என்றான்.

அதே நேரத்தில் பதின்மூன்று மணிக் கடிகாரத்துக்கு அம்புகள் போட்டுக்கொண்டிருந்த மாணவி, தான் எங்கோ தவறிவிட்டதாகச் சொல்லித் தாளைக் கொண்டுவந்தாள். 1-இலிருந்து தொடங்கி 10, 9, 12, 3, 4 என்று போய் மறுபடி 1-க்கே வந்துவிட்டாள்; ஆறு எண்கள்தான் ஆயின. ஏழு மணிக் கடிகாரத்தில் 0 தவிர எல்லா எண்களும் ஒரே வட்டத்தில் வந்ததே, இங்கே ஏன் பாதி எண்கள் விடுபட்டன? விடுபட்ட ஓர் எண்ணிலிருந்து தொடங்கிப் பார்க்கச் சொன்னேன். 2-இலிருந்து 7, 5, 11, 6, 8, பிறகு மறுபடி 2. ஆறு எண்கள் கொண்ட இன்னொரு வட்டம்; 0 மட்டும் தனியே. அவள் முதல் வட்டத்தை நீலத்திலும் இரண்டாவதைச் சிவப்பிலும் வரைந்து முடித்துவிட்டு, ஏழு மணிக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வட்டத்துக்கு ஆறு அம்புகள்தான் இருக்கின்றன என்றாள். பக்கத்திலிருந்தவன் 7 × 11 × 13 எவ்வளவு என்று பெருக்கத் தொடங்கினான். 1001 என்று வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்; அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டதால், அடுத்த சனிக்கிழமைக்கு அந்தத் தாள்களை அப்படியே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.